இந்த ஆப் நாளை இல்லாமல் போனால்? ஒரே கேள்வியில் புராடக்ட்-மார்க்கெட் ஃபிட்டை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஆப் அதைப் பயன்படுத்துபவர்களுக்கு உண்மையிலேயே தேவையானதாக அமைந்துவிடுவதைத்தான் புராடக்ட்-மார்க்கெட் ஃபிட் என்கிறார்கள். அதை அறிய, புதிதாக ஆப் வெளியிட்டவர்கள் பயனர்களிடம் பெரும்பாலும் கேட்பது "பிடிச்சிருக்கா?" என்றுதான். பிடிச்சிருக்கு என்று சொல்ல யாருக்கும் செலவில்லை, சொல்லிவிட்டு அடுத்த வாரமே ஆப்பை அழித்துவிடுவார்கள். டிராப்பாக்ஸின் ஆரம்ப நாட்களில் அதன் வளர்ச்சிக்காக வேலை பார்த்த ஷான் எல்லிஸ் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இந்த ஆப்பை இனிமேல் பயன்படுத்த முடியாது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இதற்குப் பதில் சொல்ல ஒருவர் ஆப் இல்லாத ஒரு நாளை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த வேலையை வேறு எதை வைத்துச் செய்வோம் என்று யோசிக்க வேண்டும். மாற்று வழி சட்டென்று நினைவுக்கு வந்துவிட்டால் ஏமாற்றம் பெரிதாக இருக்காது. அதனால்தான் திருப்தியைக் கேட்பதைவிட இழப்பைக் கேட்பதில் உண்மை அதிகம் வெளிவருகிறது.

பல ஸ்டார்ட்அப்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்த எல்லிஸ், 40 சதவீதத்துக்கு மேல் "ரொம்பவே ஏமாற்றமாக இருக்கும்" என்று சொன்ன ஆப்கள் தாக்குப்பிடித்து வளர்ந்தன, அதற்குக் கீழே இருந்தவை திணறின என்று கவனித்தார். 40 என்பது அனுபவத்தில் கிடைத்த எல்லைக்கோடு, அவ்வளவுதான். 39 வந்தால் தோல்வி, 41 வந்தால் வெற்றி என்று படித்தால் இந்த முறையே வீணாகிவிடும். என்னைக் கேட்டால், இந்த சர்வேயில் மதிப்புள்ள விஷயம் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது: ரொம்ப ஏமாற்றம் என்று சொன்னவர்கள் யார், அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் நிற்பவர்களை எது தடுக்கிறது.

முழு வழியையும் ஒரு கற்பனை ஆப்பை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள் எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று பதிவு செய்யும் ஆப் அது. வேலை தொடங்கும்போது டைமரை ஓட விட்டு, முடிந்ததும் நிறுத்தி, மாதக் கடைசியில் வாடிக்கையாளருக்கு அறிக்கை அனுப்பலாம். இதுவரை பதிவு செய்தவர்கள் 1,900 பேர்.

படி 1: யாரிடம் கேட்பது

பெரும்பாலான சர்வேக்கள் இந்த இடத்திலேயே கெட்டுவிடுகின்றன. 1,900 பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினால் என்ன ஆகும்? ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மறந்தவர்கள் "ஒன்றும் இல்லை" என்பார்கள், நேற்று சேர்ந்தவர் ஊகத்தில் எதையாவது தட்டுவார், உங்கள் நண்பர்கள் உங்கள் மனம் கோணாமல் பதில் சொல்வார்கள். இந்த மூன்றும் கலந்து வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஆப்பின் மையமான வேலையை உண்மையில் அனுபவித்தவர்களிடம் மட்டும் கேளுங்கள். வழக்கமான வரையறை: கடந்த இரண்டு வாரத்தில் குறைந்தது இரண்டு முறையாவது பயன்படுத்தியவர்கள். இதில் "பயன்படுத்தியது" என்றால் ஆப்பைத் திறந்தது இல்லை. நம் உதாரணத்தில் டைமரை ஓட விட்டு நிறுத்தியதுதான் மையமான செயல். அப்புறம், சேர்ந்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள், புதுசில் இருக்கும் ஆர்வம் அதற்குள் அடங்கிவிடும்.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் இவர்களைத் தேடி எடுக்கும் SQL இப்படி இருக்கும்:

```sql
SELECT e.user_id
FROM events e
JOIN users u ON u.id = e.user_id
WHERE e.name = 'timer_stopped'
  AND e.created_at >= CURRENT_DATE - 14
  AND u.created_at <  CURRENT_DATE - 14
GROUP BY e.user_id
HAVING COUNT(DISTINCT DATE(e.created_at)) >= 2;
```

ஒரே நாளில் டைமரை ஐந்து தடவை அமுக்கிப் பார்த்தவர் உள்ளே வரக்கூடாது என்பதற்காகத்தான் வெவ்வேறு நாட்களை எண்ணச் சொல்லியிருக்கிறது.

இந்த இரண்டு வாரக் கணக்கு எல்லா ஆப்புக்கும் பொருந்தாது. ஆண்டுக்கு ஒருமுறை வரி கணக்குத் தாக்கல் செய்ய உதவும் ஆப்பில் இரண்டு வாரம் என்பது வெறும் எண். அங்கே "ஒரு முழுத் தாக்கலை முடித்தவர்கள்" என்று வரையறுத்து, முடித்த சில நாட்களுக்குள் கேட்க வேண்டும். மற்ற ஆப்களில், அந்த வேலை இயல்பாக எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று முதலில் யோசித்து, அந்தக் கணக்கில் இரண்டு சுற்று முடித்தவர்களை எடுங்கள். வரையறையை ஒருமுறை எழுதிவிட்டால் மாற்றாதீர்கள், மாற்றினால் போன தடவை எண்ணோடு இந்த தடவை எண்ணை ஒப்பிடவே முடியாது.

நம் உதாரணத்தில் 1,900 பேரில் 412 பேர் தேறுகிறார்கள். பார்க்க ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டியது இவர்களிடம்தான். (மீதி 1,488 பேர் ஏன் நிற்கவில்லை என்பது முக்கியமான கேள்விதான், அதற்கு இந்த சர்வே பதில் சொல்லாது. அது தனி வேலை.)

படி 2: என்ன கேட்பது

நான்கு கேள்விகள், அதற்கு மேல் வேண்டாம். முதல் கேள்வி:

இந்த ஆப்பை இனிமேல் பயன்படுத்த முடியாமல் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

- ரொம்பவே ஏமாற்றமாக இருக்கும்
- கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்
- ஏமாற்றம் எதுவும் இருக்காது
- நான் இப்போது இதைப் பயன்படுத்துவதில்லை

ஐந்து நட்சத்திரம், பத்து மதிப்பெண் என்று நீட்டாதீர்கள். 40 என்ற எல்லைக்கோடு இந்தத் தேர்வுகளை வைத்து வந்தது, தேர்வுகளை மாற்றினால் அந்தக் கோட்டோடு ஒப்பிடும் உரிமையும் போய்விடும். கேள்விக்கு முன்னால் "எங்கள் அருமையான ஆப்பை மேம்படுத்த உதவுங்கள்" என்பது போன்ற முகவுரையும் வேண்டாம், படிப்பவரை அது ஒரு பக்கம் சாய்க்கும்.

அடுத்த மூன்றும் திறந்த கேள்விகள், எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த ஆப் எந்த மாதிரி ஆட்களுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறீர்கள்? இதனால் உங்களுக்குக் கிடைக்கும் முக்கியமான பயன் என்ன? உங்களுக்கு இன்னும் நன்றாக உதவ நாங்கள் எதைச் சரி செய்ய வேண்டும்? முதலாவது விசித்திரமாகத் தெரியலாம், ஆனால் ஆப்பை நேசிப்பவர் பெரும்பாலும் இந்த இடத்தில் தன்னைப் பற்றித்தான் எழுதுவார், அதுவும் தன் வாயால் சொல்லும் வார்த்தைகளில். உங்கள் விளம்பர வாசகமே அதிலிருந்து கிடைக்கும்.

படி 3: எப்படி அனுப்புவது

மின்னஞ்சலில் அனுப்பலாம், ஆப்புக்குள்ளும் காட்டலாம். ஆப்புக்குள் காட்டுவதானால், ஒருவர் வெற்றிகரமாக அறிக்கை அனுப்பி முடித்த அந்த நொடியில் காட்டாதீர்கள், அந்த மகிழ்ச்சியில் எண் ஏறிவிடும். வேலைக்கு நடுவே குறுக்கே வந்தாலும் தப்பு, எரிச்சலில் இறங்கிவிடும். ஆப்பைத் திறந்ததும் காட்டுவது ஓரளவு நடுநிலை. பரிசு, தள்ளுபடி எதுவும் தர வேண்டாம். ஒரு நினைவூட்டல் போதும், மூன்று நாள் கழித்து.

ஒருவரிடம் ஒரு தடவைதான் கேட்க வேண்டும். அடுத்த சுற்றில் இதுவரை கேட்காதவர்களிடம் மட்டும் கேளுங்கள், இல்லையென்றால் பழைய ரசிகர்களே திரும்பத் திரும்பப் பதில் சொல்லி எண்ணை உயர்த்திக்கொண்டே போவார்கள்.

படி 4: எண்ணைப் போடுவது

412 பேரில் 127 பேர் பதில் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 9 பேர் "இப்போது பயன்படுத்துவதில்லை" என்றதால் அவர்களைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் 118. ரொம்ப ஏமாற்றம் 31, கொஞ்சம் ஏமாற்றம் 52, ஏமாற்றம் இல்லை 35. ஆக 31-ஐ 118-ஆல் வகுத்தால் 26 சதவீதம்.

இந்த 26-ஐ எவ்வளவு நம்பலாம்? சிறிய எண்ணிக்கையில் தற்செயலின் ஆட்டம் பெரிது. தோராயமான பிழை வரம்பு:

```
1.96 * sqrt(p * (1 - p) / n)
```

p இங்கே 0.26, n 118. விடை சுமார் 0.08, அதாவது உண்மையான எண் பெரும்பாலும் 18-க்கும் 34-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். அப்போ 40-ஐ எட்டவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஆனால் வெறும் 40 பதில்கள் கிடைத்து அதில் 16 பேர் ரொம்ப ஏமாற்றம் என்றிருந்தால் சரியாக 40 சதவீதம் வந்திருக்கும், அதன் வரம்போ 25-லிருந்து 55 வரை. 40 பதிலை வைத்து திசையைப் பார்க்கலாம், கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று முதலீட்டாளரிடம் சொல்லக்கூடாது. 100 பதில் கிடைத்தாலும் பிழை 10 புள்ளி வரை இருக்கும்.

அதற்கும் மேல் ஒரு சிக்கல், எந்தச் சூத்திரமும் பிடிக்காதது: பதில் சொல்லாத 285 பேர். ஆப்பைப் பிடித்தவர்கள்தான் பதில் எழுத நேரம் ஒதுக்குவார்கள், அதனால் உங்கள் எண் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு. பதில் சொன்னவர்களும் சொல்லாதவர்களும் வாரத்துக்கு எத்தனை நாள் டைமரை ஓட விடுகிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நிம்மதி. பதில் சொன்னவர்கள் இரண்டு மடங்கு பயன்படுத்துகிறார்கள் என்றால் எண்ணை மனதுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: ரொம்ப ஏமாற்றம் என்றவர்கள் யார்

இனி நிதானமாக உட்கார வேண்டிய வேலை. அந்த 31 பேரின் எழுத்துப் பதில்களையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள், வேறு யாரிடமும் கொடுத்துச் சுருக்கம் வாங்காதீர்கள். நம் உதாரணத்தில் அவர்கள் என்ன தொழில் என்று பிரித்தால்: மொழிபெயர்ப்பாளர்களும் எடிட்டர்களும் 17, டிசைனர்கள் 6, புரோகிராமர்கள் 5, மற்றவர்கள் 3. மொத்தப் பதில்களில் மொழிபெயர்ப்பாளர்-எடிட்டர் கூட்டம் 38 பேர்தான். அப்படியானால் அந்தக் கூட்டத்துக்குள் 38-க்கு 17, அதாவது 45 சதவீதம். மற்ற எல்லோரையும் சேர்த்தால் 80-க்கு 14, வெறும் 17.5 சதவீதம்.

26 என்ற சராசரிக்குள் இரண்டு வெவ்வேறு ஆப்கள் ஒளிந்திருந்திருக்கின்றன.

ஏன் இந்த வித்தியாசம்? முக்கியமான பயன் என்ன என்ற மூன்றாவது கேள்வியின் பதில்கள் சொல்கின்றன. 31 பேரில் 20 பேர் ஏறத்தாழ ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறார்கள்: "ஒவ்வொரு கோப்புக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று வாடிக்கையாளர் கேட்டால் உடனே காட்ட முடிகிறது." மொழிபெயர்ப்பாளருக்கும் எடிட்டருக்கும் வேலை கோப்பு கோப்பாக வருகிறது, பேரமும் கோப்பு கோப்பாகவே நடக்கிறது. முழு புராஜெக்டுக்கு ஒரே தொகை பேசும் டிசைனருக்கு அந்தத் தேவையே இல்லை. நீங்கள் டைமர் விற்பதாக நினைத்திருந்தீர்கள், அவர்கள் ஆதாரத்தை வாங்கியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதில்களைப் பார்த்த பிறகு எந்தக் கூட்டத்தில் எண் அதிகமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு "எங்களுக்கு 45" என்று சொல்வது, அம்பு குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போடுவது மாதிரிதான். தொழில், வயது, வேலை அனுபவம், போன் வகை என்று பத்து விதமாகப் பிரித்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே 40-ஐத் தாண்டும். 38 பேரில் பிழை வரம்பு 16 புள்ளி, ஆக 45 என்பது 29-ஆகவும் இருக்கலாம். இந்தப் பிரிவை இப்போதைக்கு ஒரு ஊகமாக மட்டும் வைத்துக்கொண்டு, இதுவரை கேட்காத புதிய மொழிபெயர்ப்பாளர்களிடம் அடுத்த சுற்றில் சோதிக்க வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் தெளிவாகத் தெரிகிறதா என்பதும் முக்கியம். இங்கே கோப்புவாரி பேரம் என்ற காரணம் இருக்கிறது. "ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்கிறது" என்று வந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மின்னஞ்சல் ஆப்பான சூப்பர்ஹியூமனின் நிறுவனர் ராகுல் வோரா இந்த வேலையைச் செய்த விதத்தை வெளிப்படையாகப் பகிர்ந்திருக்கிறார். 2017-இல் அவர்கள் முதல் எண் 22 சதவீதம். தங்களை நேசிப்பவர்கள் எந்த மாதிரி வேலையில் இருக்கிறார்கள் என்று பார்த்து அந்த வகையினரை மட்டும் வடிகட்டியபோதே சுமார் 10 புள்ளி ஏறியது. ஆப்பில் ஒரு வரி கூட மாறவில்லை, யாருக்காக என்பது மட்டும் தெளிவானது. அதன் பிறகு ஆப்பை மாற்றி மாற்றி, முக்கால் வருடத்தில் 58-க்குக் கொண்டு போனார்கள்.

படி 6: நடுவில் நிற்பவர்களை இரண்டாகப் பிரிப்பது

ஏமாற்றம் இல்லை என்ற 35 பேரின் கோரிக்கைகளை ஓரமாக வைத்துவிடுங்கள். கேட்கக் கடினமாக இருக்கும், ஏனென்றால் நீளமான பட்டியல் அனுப்புவது பெரும்பாலும் அவர்கள்தான். கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தாலும் அவர்கள் ரசிகர்களாக மாறுவது அபூர்வம்.

"கொஞ்சம் ஏமாற்றம்" என்ற 52 பேரிடம்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் எல்லோரிடமும் இல்லை. மூன்றாவது கேள்விக்கு அவர்கள் எழுதியதைப் பாருங்கள்: ரசிகர்கள் சொன்ன அதே பயனை, அதாவது கோப்புவாரியாக வாடிக்கையாளரிடம் காட்ட முடிவதை, இவர்களும் சொல்கிறார்களா? 52 பேரில் 19 பேர் அப்படிச் சொல்கிறார்கள். மற்ற 33 பேர் அழகாக இருக்கிறது, இலவசமாக இருக்கிறது, சுறுசுறுப்பாக வைத்திருக்கிறது என்று வேறு வேறு காரணம் சொல்கிறார்கள். அவர்களைத் திருப்திப்படுத்தப் போனால் ஆப் நான்கு திசையில் இழுபடும்.

அந்த 19 பேர் நான்காவது கேள்விக்கு என்ன எழுதினார்கள்? 11 பேர், போனில் தொடங்கிய டைமர் கணினியில் தெரிவதில்லை என்கிறார்கள். 5 பேர், ஒரே கோப்பு இரண்டாம் முறை திருத்தத்துக்கு வந்தால் தனியாகக் கணக்கிட முடியவில்லை என்கிறார்கள். மீதி 3 பேர் சில்லறை விஷயங்கள். அவ்வளவுதான், அடுத்த மூன்று மாத வேலை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. வோரா சொல்லும் பங்கீடு இங்கே நல்ல வழிகாட்டி: பாதி உழைப்பு ரசிகர்கள் நேசிப்பதை இன்னும் நன்றாக்க, பாதி நடுவில் நிற்பவர்களின் தடையை நீக்க. முதல் பாதியைத் தவிர்த்துவிட்டுத் தடைகளை மட்டுமே நீக்கிக்கொண்டிருந்தால், ஆப்பின் தனித்தன்மை மெல்ல மங்கிப் போட்டியாளர் உள்ளே வந்துவிடுவார்.

படி 7: சொன்னதையும் செய்ததையும் ஒப்பிடுவது

மனிதர்கள் சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அதனால் எட்டு வாரம் கழித்து இதே 118 பேரை டேட்டாபேஸில் தேடிப் பாருங்கள். ரொம்ப ஏமாற்றம் என்ற 31 பேரில் 26 பேர் இன்னும் டைமரை ஓட விடுகிறார்கள், நடுவில் இருந்த 52-இல் 27 பேர், ஏமாற்றம் இல்லை என்ற 35-இல் 9 பேர் என்று வந்தால் கேள்வி சரியானதைத்தான் அளந்திருக்கிறது. மூன்று கூட்டமும் ஒரே வேகத்தில் கரைந்திருந்தால் எங்கோ பிழை: பெரும்பாலும் படி 1-இல் ஆட்களைத் தவறாகத் தேர்ந்திருப்பீர்கள், அல்லது கேட்ட நேரம் சரியில்லை.

எண் உயரமாக வந்தும் ஏமாற்றக்கூடிய ஒரு நிலை உண்டு. இரண்டு வருடப் பதிவுகள் ஆப்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன, வெளியே எடுக்க வழியில்லை என்றாலும் ஒருவர் ரொம்ப ஏமாற்றம் என்றுதான் சொல்வார். அது நேசம் இல்லை, சிக்கிக்கொண்ட பயம். மூன்றாவது கேள்வியில் பயனைப் பற்றி எழுதாமல் "என் பழைய கணக்கெல்லாம் இதில்தான் இருக்கிறது" என்று எழுதியிருந்தால் அதுதான் அடையாளம். அப்படிப்பட்ட பதில்களைத் தனியாக எண்ணி, அவற்றை நீக்கிவிட்டு எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள். அலுவலகம் கட்டாயப்படுத்துவதால் பயன்படுத்துபவர்களிடம் இந்தச் சிக்கல் தலைகீழாக வரும், ஆப் போனால் அவர்களில் சிலருக்கு நிம்மதி. அங்கே ஆப்பைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுப்பவரையும் தினமும் பயன்படுத்துபவரையும் தனித்தனியாகக் கேட்டு இரண்டு எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 8: அடுத்த சுற்று

டைமர் ஒத்திசைவைச் சரிசெய்து, மூன்று மாதம் கழித்து, இதுவரை கேட்காதவர்களில் படி 1-இன் அதே வரையறைக்குள் வருபவர்களிடம் அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர்-எடிட்டர் கூட்டத்தில் 61 பேர் பதில் சொல்லி, அதில் 29 பேர் ரொம்ப ஏமாற்றம் என்றால் 48 சதவீதம், வரம்பு 35-லிருந்து 60. 40-ஐத் தாண்டிவிட்டது என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முன்கூட்டியே எழுதி வைத்த பிரிவில், புதிய ஆட்களிடம், இரண்டாவது முறையும் 45-க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது என்பது முதல் சுற்றின் 45-ஐவிட எவ்வளவோ கனமான செய்தி.

அந்தக் கூட்டத்துக்காக விளம்பரத்துக்குச் செலவு செய்யத் தொடங்குவதற்கு முன் அவர்களின் வாராந்திரப் பயன்பாட்டுக் கோட்டையும் ஒரு முறை வரைந்து பாருங்கள். சேர்ந்த பிறகு சில வாரங்கள் இறங்கி, ஒரு மட்டத்தில் தட்டையாக நின்றுவிட்டால் ஆரம்பிக்கலாம். இன்னும் பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டே இருந்தால், சர்வேயில் 48 வந்திருந்தாலும் செலவைத் தள்ளிப் போட்டுவிட்டு படி 6-க்குத் திரும்ப வேண்டும்.